இப்பவே இறங்கலாமா, சோதிச்சுப் பார்த்துட்டு இறங்கலாமா? அத்தையின் தோசை மாவும் ஒரு முடிவு மரமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு பேப்பர், ஒரு பேனா எடுத்து வெச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டு கேட்கிறவங்க சும்மா கேளுங்க போதும், கணக்கு முழுக்க இந்தப் பக்கத்துல எழுத்தா இருக்கும்.

விஷயம் எங்க வீட்டுல நடந்தது. எங்க அத்தை மேற்கு தாம்பரத்துல இருக்காங்க. பள்ளிக்கூட ஆசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ரிட்டயர் ஆன பிறகு வீட்டுலயே இட்லி மாவு அரைச்சுத் தெருவுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. போன வருஷக் கடைசியில ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "டேய், கம்பு கேழ்வரகு தோசை மாவு பாக்கெட் போட்டு, சேலையூர்ல இருந்து மேடவாக்கம் வரைக்கும் கடைக்குக் கடை போடலாம்னு இருக்கேன். தை பிறந்ததும் ஆரம்பிக்கணும். உங்க மாமா வேண்டாங்கிறாரு. நீதான் பெரிய இன்ஜினியராச்சே, சொல்லு" அப்படின்னாங்க.

பணம் எவ்வளவுன்னு கேட்டேன். எட்டு லட்சம். டில்டிங் கிரைண்டர், பேக்கிங் மெஷின், குளிர்பதனப் பெட்டி, ஷெட்டுக்கு அட்வான்ஸ், செகண்ட் ஹேண்ட் குட்டி யானை ஒண்ணு. எல்லாமே அவங்க கிராஜுவிட்டில இருந்து. திரும்ப சம்பாதிக்க முடியாத பணம் அது. அதனாலதான் "நல்லா வரும் அத்தை, பண்ணுங்க"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனசு வரல.

மாமா சொன்ன மாற்று வழி இது. முதல்ல பத்து கடையில ஆறு வாரம் போட்டுப் பார்க்கலாம். மாவை வெளியில கூலிக்கு அரைச்சு வாங்கிக்கலாம். மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். பாக்கெட், மாவு, கடைக்காரர் கமிஷன், கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் ஆகும். நல்லாப் போனா எட்டு லட்சத்தைப் போடலாம், இல்லேன்னா விட்டுடலாம்.

கேட்கும்போது மாமா சொல்றதுதான் புத்திசாலித்தனம் மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனா கணக்கு போட்டுப் பார்த்தப்போ முதல்ல வந்த விடை வேற. அந்தக் கதைதான் இன்னைக்கு.

மரத்தை வரையலாம்

முடிவு மரம், அதாவது டெசிஷன் ட்ரீ, தொழில் உலகத்துல பரவலாத் தெரிய வந்ததுக்கு ஜான் மேகி 1964-ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதின கட்டுரை ஒரு முக்கியக் காரணம். அதுல ஒரு கற்பனை கெமிக்கல் கம்பெனி, பெரிய ஆலை கட்டுறதா, சின்னதாக் கட்டிட்டுப் பிறகு பெருசாக்குறதான்னு யோசிக்கும். நம்ம அத்தை கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்.

வரையிற விதி ரெண்டே ரெண்டு. நாம முடிவு எடுக்கிற இடத்துல ஒரு சதுரம். நம்ம கையில இல்லாத, அதுவா நடக்கிற இடத்துல ஒரு வட்டம். இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் கிளை கிளையாப் போகணும். ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் கடைசியில கையில நிக்கிற பணத்தை எழுதணும்.

முதல் சதுரத்துல மூணு கிளை: இப்பவே இறங்குறது, சோதிச்சுட்டு முடிவு பண்றது, ஒண்ணுமே செய்யாம இருக்கிறது. ஒண்ணுமே செய்யலேன்னா பூஜ்யம்.

இப்பவே இறங்கினா ஒரு வட்டம் வரும். மாவுக்கு நல்ல கிராக்கி இருக்கு, இல்ல கிராக்கி இல்ல. நிஜத்துல நடுவுல ஆயிரம் நிலை இருக்கும். ஆனா ரெண்டாப் பிரிச்சாலே முக்கால்வாசி விஷயம் தெரிஞ்சுடும். நல்ல கிராக்கின்னா ரெண்டு வருஷத்துல போட்ட முதலெல்லாம் போக 20 லட்சம் நிக்கும்னு அத்தையும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிராக்கி இல்லேன்னா மெஷினையும் வண்டியையும் வித்து ரெண்டு லட்சம் எடுக்கலாம். ஆக ஆறு லட்சம் நஷ்டம்.

அடுத்தது, நல்ல கிராக்கி இருக்க வாய்ப்பு எவ்வளவு? இங்கதான் பலர் ஏதோ ஒரு நம்பரை அடிச்சு விடுவாங்க. "எத்தனை சதவீதம் அத்தை?"ன்னு கேட்டா, "நூறு சதவீதம் போகும்டா"ன்னு பதில் வரும். அதனால வேற மாதிரி கேட்டேன். ஒரு பையில பத்து கோலிகுண்டு, அதுல சிலது சிவப்பு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்து, சிவப்பு வந்தா ஒரு பரிசு. இல்லேன்னா, மாவு நல்லாப் போச்சுன்னா அதே பரிசு. எதுமேல பந்தயம் கட்டுவீங்க? ஏழு சிவப்புன்னா அத்தை யோசிக்காம பையைத்தான் எடுத்தாங்க. ரெண்டு சிவப்புன்னா மாவு. குறைச்சுக் கூட்டிக்கிட்டே வந்து, நாலு சிவப்புல வந்து "ரெண்டும் ஒண்ணுதான்டா"ன்னாங்க. அப்போ அவங்க மனசுல இருக்கிற உண்மையான நம்பர் 40 சதவீதம். நூறு இல்ல.

இப்போ எதிர்பார்ப்பு மதிப்பு. ஈ.எம்.வி.ன்னு சொல்வோம். ஒவ்வொரு நுனியோட பணத்தையும் அதோட வாய்ப்பால பெருக்கிக் கூட்டுறதுதான்.

0.4 × 20 − 0.6 × 6 = 8 − 3.6 = 4.4 லட்சம்

பூஜ்யத்தை விடப் பெருசு. ஆக சும்மா இருக்கிறதை விட இறங்குறது மேல். அத்தைக்கு முகம் மலர்ந்தது. மாமா, "என் வழிக்கும் போடுடா"ன்னாரு.

சோதனை சொல்றது எவ்வளவு உண்மை?

சோதனைக் கிளைக்கு ரெண்டு புது நம்பர் வேணும். மாவு நிஜமாவே நல்லாப் போற சரக்கா இருந்தா, சோதனையும் "நல்லா இருக்கு"ன்னு சொல்ல வாய்ப்பு எவ்வளவு? நிஜமாவே போகாத சரக்கா இருந்தாலும், சோதனை ஏமாத்தி "நல்லா இருக்கு"ன்னு சொல்ல வாய்ப்பு எவ்வளவு?

இதுக்கு ராஜகீழ்ப்பாக்கத்துல ரொம்ப வருஷமா கடைகளுக்குச் சரக்கு போடுற ஒருத்தர்கிட்ட போனோம். "கடைசியில நல்லா நின்ன சரக்கு பத்துல, முதல் ஒண்ணரை மாசத்துல எத்தனை நல்லாப் போச்சு?"ன்னு கேட்டேன். எட்டுன்னாரு. "கடைசியில ஊத்திக்கிட்ட சரக்கு பத்துல?" கொஞ்சம் யோசிச்சு, "மூணு இருக்கும் தம்பி. புதுசுன்னா எல்லாரும் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பாங்கல்ல"ன்னாரு. 80 சதவீதம், 30 சதவீதம். கிடைச்சது.

இங்க ஒரு பொறி இருக்கு. "சோதனை 80 சதவீதம் சரியாச் சொல்லும், அதனால சோதனை நல்லா வந்தா 80 சதவீதம் ஜெயிப்போம்"னு நினைக்கத் தோணும். அது தப்பு. நமக்குத் தெரிஞ்சது, சரக்கு நல்லா இருந்தா சோதனை என்ன சொல்லும்ங்கிறது. நமக்கு வேண்டியது, சோதனை நல்லா வந்தா சரக்கு எப்படி இருக்கும்ங்கிறது. ரெண்டையும் திருப்பிப் போடணும். பேயிஸ் தேற்றம்னு காலேஜ்ல படிச்சது இதுதான். சூத்திரம் இல்லாமலே செய்யலாம்.

அத்தை மாதிரி நூறு பேர் இதே மாவோட நூறு ஊர்ல இறங்குறாங்கன்னு வெச்சுக்கோங்க. நாற்பது பேருக்கு நல்ல கிராக்கி, அறுபது பேருக்கு இல்ல. நாற்பது பேர்ல 32 பேருக்கு சோதனை நல்லா வரும், 8 பேருக்கு மோசமா வரும். அறுபது பேர்ல 18 பேருக்கு சோதனை பொய்யா நல்லா வரும், 42 பேருக்கு மோசமா வரும். இப்போ சோதனை நல்லா வந்தவங்களை மட்டும் ஒரு பக்கம் நிக்க வைங்க. 32-ம் 18-ம், மொத்தம் 50 பேர். அதுல நிஜமா ஜெயிக்கப் போறவங்க 32. அதாவது 64 சதவீதம். எண்பது இல்ல.

சோதனை மோசமா வந்த மீதி 50 பேர்ல ஜெயிக்கிறவங்க 8 பேர்தான். 16 சதவீதம்.

இன்னொரு நம்பரும் மாறுது. ஆறு வாரம் சோதனை, பிறகு மெஷின் ஆர்டர் எல்லாம் சேர்ந்தா தையில ஆரம்பிக்க வேண்டியது பங்குனிக்குப் போயிடும். ஏற்கனவே கடைகள்ல ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கிற பெரிய மாவு கம்பெனி யாராவது அதுக்குள்ள சிறுதானிய மாவைக் கொண்டு வந்துட்டா, பாதிக் கடையில நமக்கு இடம் இருக்காது. அதுக்காக ஜெயிச்சா வர்ற 20 லட்சத்தை 18 லட்சமாக் குறைச்சோம். தோத்தா அதே ஆறு லட்சம்.

இப்போ மரத்தை வலது நுனியில இருந்து இடது பக்கம் சுருட்டிக்கிட்டே வரணும்.

சோதனை நல்லா வந்து இறங்கினா: 0.64 × 18 − 0.36 × 6 = 9.36 லட்சம்

சோதனை மோசமா வந்தும் இறங்கினா: 0.16 × 18 − 0.84 × 6 = −2.16 லட்சம். இதைவிடப் பூஜ்யம் மேல். அதனால அந்தக் கிளையில நிறுத்திடுவோம்.

சோதனை நல்லா வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால 0.5 × 9.36 = 4.68. அதுல சோதனைச் செலவு அரை லட்சம் போனா 4.18 லட்சம்.

இப்பவே இறங்கினா 4.4. சோதிச்சுட்டு இறங்கினா 4.18. அத்தை ஜெயிச்சாங்க, இருபத்திரண்டாயிரம் ரூபா வித்தியாசத்துல. மாமா காபி டம்ளரை கொஞ்சம் சத்தமாவே கீழ வெச்சாரு.

இதைக் கோட்ல போட்டுப் பார்க்கிறவங்களுக்கு:

```python
p = 0.40
hit, false_hit = 0.80, 0.30
win, late_win, lose = 20, 18, -6
cost = 0.5

now  = p*win + (1-p)*lose
good = p*hit*late_win + (1-p)*false_hit*lose
bad  = p*(1-hit)*late_win + (1-p)*(1-false_hit)*lose
test = max(good, 0) + max(bad, 0) - cost
print(round(now, 2), round(test, 2))
```

இருபத்திரண்டாயிரத்தை நம்பலாமா?

இங்கயே நிறுத்திட்டு "கணக்கு சொல்லிடுச்சு, இறங்குங்க"ன்னு சொல்றதுதான் இந்த முறையில மக்கள் பண்ற பெரிய தப்பு. நாம போட்ட நம்பர் எல்லாம் ஊகம். அதுல எது கொஞ்சம் அசைஞ்சா விடை கவிழும்னு பார்க்கணும்.

முதல்ல தாமதம். அதுக்கு ரெண்டு லட்சம் போட்டோம். திருப்பிக் கணக்குப் போட்டா, தாமதத்தால போறது சுமார் 1.3 லட்சத்துக்குக் கீழ இருந்தா சோதனை ஜெயிக்கும். அதுக்கு மேல போனா இப்பவே இறங்குறது ஜெயிக்கும். ஆக மாமாவுக்கும் அத்தைக்கும் நடந்த சண்டை, பாதுகாப்பா துணிச்சலாங்கிறது பற்றின சண்டையே இல்ல. ரெண்டு மாசம் தள்ளிப்போனா எவ்வளவு போகும்ங்கிற ஒரே கேள்விதான் அது.

அந்தக் கேள்விக்கு நாம மட்டும் பதில் சொல்ல முடியாது, சந்தையும் சொல்லும். நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம் தாண்டித் தெற்கே போனா, கூடுவாஞ்சேரி பக்கம் எஸ்டான்சியா வளாகத்துல ஸோஹோ இருக்கு. அவங்க அரட்டை செயலியை 2021 ஜனவரியில சோதனை வடிவமா வெளியில விட்டாங்க. பல வருஷம் அமைதியா இருந்தது. 2025 நவம்பர்ல புது வசதிகள், கூடுதல் சர்வர், விளம்பரம்னு பெருசா வெளியிடத் திட்டம் வெச்சிருந்தாங்க. ஆனா செப்டம்பர் கடைசியிலயே கூட்டம் வந்துடுச்சு. ஒரு நாளைக்கு 3,000 பேர் புதுசாச் சேர்ந்துக்கிட்டு இருந்தது, மூணே நாள்ல 3,50,000 ஆச்சுன்னு ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அவசர அவசரமா சர்வர் சேர்க்க வேண்டி வந்தது. நாம ஒரு தேதி குறிச்சு வெச்சிருந்தாலும் கிராக்கி அந்தத் தேதியைப் பார்த்து வராது. அதனால தாமதத்துக்கான நம்பரை ஒரே நம்பரா நம்பாம, "இதுக்குக் கீழ, இதுக்கு மேல"ன்னு எல்லை போட்டுப் பார்க்கிறது நல்லது.

ரெண்டாவது, அந்த 40 சதவீதம். மாமாவைத் தனியா உட்கார வெச்சு அதே கோலிகுண்டு விளையாட்டை ஆடினேன். அவர் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னாரு. 35 சதவீதம்னு வெச்சுப் போட்டா, இப்பவே இறங்குறது 3.1 லட்சம், சோதனை 3.37 லட்சம். கவிழ்ந்துடுச்சு! விடை மாறுற இடம் சரியா 38 சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கு. கம்பு தோசையோட எதிர்காலத்தை 38-க்கும் 40-க்கும் வித்தியாசம் தெரியிற மாதிரி சொல்ற மனுஷன் இந்த உலகத்துல இல்ல.

ஆக ஈ.எம்.வி. சொல்ற உண்மையான பதில் "அத்தை ஜெயிச்சாங்க"ங்கிறது இல்ல. "ரெண்டு வழியும் சராசரியில ஒண்ணுதான்"ங்கிறதுதான். இதுவும் ஒரு பதில்தான், உபயோகமான பதில். சராசரி ஒண்ணா இருக்கும்போது, சராசரி மறைக்கிற விஷயத்தைப் பார்க்கணும்.

சராசரிக்குப் பின்னாடி என்ன இருக்கு

4.4 லட்சம்னு ஒரு கிளையோட நுனியிலயும் எழுதல. அத்தை கைக்கு 4.4 லட்சம் வரவே வராது. ஒண்ணு இருபது வரும், இல்ல ஆறு போகும். நூறு கடை வெச்சிருக்கிற கம்பெனிக்கு சராசரி நிஜமாவே கைக்கு வரும். ஏன்னா அவங்க நூறு தடவை ஆடுறாங்க. அத்தை ஆடப் போறது ஒரே தடவை, அதுவும் கிராஜுவிட்டியை வெச்சு.

அதனால ரெண்டு வழிக்கும் நுனிகளை மட்டும் பக்கத்துல பக்கத்துல எழுதினேன். இப்பவே இறங்கினா நூத்துக்கு அறுபது பங்கு ஆறு லட்சம் போகும். சோதிச்சுட்டு இறங்கினா, பெரிய நஷ்டம் வர வாய்ப்பு நூத்துக்குப் பதினெட்டுதான். அந்த நஷ்டம் சோதனைச் செலவையும் சேர்த்து ஆறரை லட்சம். பாதி வாய்ப்புக்கு ஐம்பதாயிரத்தோட முடிஞ்சுடும்.

சராசரி ஒண்ணு. ஆனா ஒரு வழியில அறுபது, இன்னொண்ணுல பதினெட்டு. இதைக் காட்டினதும் அத்தை ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அறுபதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நாலு சிவப்புன்னு அவங்களே சொன்னதுதான். ஆனா மீதி ஆறு என்ன நிறம்னு அப்போ யோசிக்கல.

சோதனையை நல்ல சோதனையா மாத்துறது

அந்த 30 சதவீதத்துக்குத் திரும்பி வருவோம். தோக்கப் போற சரக்கும் சோதனையில ஜெயிச்சுடுற ஆபத்து. இதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் 1985-ல வந்த நியூ கோக். ஏறக்குறைய ரெண்டு லட்சம் பேருக்குக் கொடுத்துச் சுவை பார்த்தாங்க. புதுச் சுவைதான் ஜெயிச்சது. ஏப்ரல் 23-ம் தேதி வெளியிட்டாங்க. ஜனங்க கொதிச்சதுல 79 நாள்ல பழைய கோக்கைத் திரும்பக் கொண்டு வர வேண்டியதாச்சு. ரெண்டு லட்சம் பேர்னா மாதிரி அளவு சின்னதுன்னு யாரும் சொல்ல முடியாது. கேட்ட கேள்விதான் தப்பு. ஒரு வாய் குடிச்சா எது பிடிக்குதுன்னு கேட்டாங்க. பழசை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேட்கல.

நம்ம மாவுக்கும் அதேதான். முதல் பாக்கெட்டை யார் வேணா வாங்குவாங்க. ஆசைக்கு வாங்குவாங்க, அத்தையோட பழைய மாணவர்கள் பாசத்துக்கு வாங்குவாங்க. தொழில் நிக்கிறது மூணாவது பாக்கெட்டுல. அதனால சோதனை விதியை மாத்தினோம். முதல் நாலு வார விற்பனையைக் கணக்குல எடுக்கவே கூடாது. அஞ்சாவது, ஆறாவது வாரம் மட்டும். அந்த ரெண்டு வாரத்துல ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு சராசரியா 8 பாக்கெட் போகணும். தேதி முடிஞ்சு கடைக்காரர் திருப்பிக் கொடுக்கிற ரிட்டர்ன் பத்துல ஒண்ணுக்குக் கீழ இருக்கணும். சொந்தக்காரங்க இருக்கிற தெருவுல கடை எடுக்கக் கூடாது.

சரக்கு போடுற அந்த அண்ணன்கிட்ட மறுபடி கேட்டோம். ஊத்திக்கிட்ட சரக்குல அஞ்சு, ஆறாவது வாரமும் தாக்குப் பிடிச்சது எத்தனை? "பத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைதான்"னாரு. 30 சதவீதம் 15 ஆச்சு. நாள் கூடல, செலவும் கூடல. கணக்கு இப்படி மாறுது:

0.32 × 18 − 0.09 × 6 − 0.5 = 4.72 லட்சம்

இப்போ சோதனை 4.4-ஐத் தாண்டிடுச்சு. பெரிய நஷ்டம் வர வாய்ப்பு பதினெட்டுல இருந்து ஒன்பதாக் குறைஞ்சுடுச்சு. எண்ணுற பொருளை மாத்தினது ஒண்ணுதான் நாங்க செஞ்சது.

கடைசியா ஒரு விஷயம் பாக்கி இருந்தது. ஆரம்பிக்கிறதுக்கு முதல் நாள் அத்தை சிரிச்சுக்கிட்டே, "மோசமா வந்தாலும் நான் ஆரம்பிக்கத்தான் போறேன், பாரு"ன்னாங்க. விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனா அதுக்கும் கணக்கு போட்டுக் காட்டினேன். சோதனை என்ன சொன்னாலும் இறங்குறதுன்னா, 0.4 × 18 − 0.6 × 6 − 0.5 = 3.1 லட்சம். இப்பவே இறங்குறதை விட 1.3 லட்சம் நஷ்டம். முடிவை மாத்தாத சோதனைக்கு மதிப்பு பூஜ்யம், அதுக்கு மேல செலவும் தாமதமும் தண்டம். சோதனை பண்றதுன்னா அதுக்குக் கட்டுப்படணும், இல்லேன்னா இன்னைக்கே இறங்கிடணும். மாமா அந்த 8 பாக்கெட் விதியை ஒரு பேப்பர்ல எழுதினாரு. அத்தை கையெழுத்துப் போட்டாங்க. காலண்டருக்குப் பின்னாடி செருகி வெச்சோம்.

என்ன ஆச்சு?

தையில பத்து கடைக்கு மாவு போச்சு. முதல் வாரம் ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 11 பாக்கெட். ரெண்டாவது வாரம் 12. அத்தை தினமும் போன் பண்ணி நம்பர் சொன்னாங்க. "எட்டுதானே கேட்ட, பன்னெண்டு போகுது. இன்னும் எதுக்குடா காத்திருக்கணும்?" மூணாவது வாரம் 9. நாலாவது 7. அஞ்சும் ஆறும் சேர்த்து சராசரி அஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. ரிட்டர்ன் அஞ்சுல ஒண்ணு. பல கடைக்காரங்க சொன்னது ஒண்ணுதான்: வீட்டுல பெரியவங்களுக்குப் பிடிச்சிருக்கு, பிள்ளைங்க வெள்ளை தோசைதான் கேட்குதுங்க.

அன்னைக்கு ராத்திரி அத்தை வீட்டுக்குப் போனேன். பேப்பர் டேபிள் மேல இருந்தது. சோதனை மோசமா வந்தா ஜெயிக்கிற வாய்ப்பு இந்தப் புது விதிப்படி 59-க்கு 8, அதாவது 14 சதவீதம்கூட இல்ல. இறங்கினா எதிர்பார்ப்பு மதிப்பு ரெண்டே முக்கால் லட்சம் நஷ்டம். இதையெல்லாம் நான் சொல்லவே இல்ல. அத்தையே பேப்பரை மடிச்சு உள்ள வெச்சுட்டு, "விடுடா. ஐம்பதாயிரம்தானே"ன்னாங்க. குரல் நல்லா இல்ல. அதை மறைச்சு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்ல.

அந்த 59-ல 8 பேர் தப்பான முடிவு எடுத்தவங்களா இருப்பாங்க, அதையும் சொல்லிடணும். அவங்க மாவு நிஜமாவே நல்லாப் போயிருக்கும், ஆனா விட்டுட்டுப் போயிருப்பாங்க. அத்தை அந்த எட்டுல ஒருத்தரான்னு எங்களுக்குத் தெரிய வழியே இல்ல. போகாத கிளையோட நுனி யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாராவது இதே ஏரியாவுல கம்பு மாவு வித்துப் பணக்காரரானாலும், அன்னைக்கு எங்ககிட்ட இருந்த தகவலுக்கு எடுத்த முடிவு தப்பாயிடாது.

இந்தச் சோதனைக்கு இன்னொரு குறையும் இருந்தது. நாங்க சோதிச்சது தை, மாசியில, ராத்திரி கொஞ்சம் குளிர் இருக்கிற நேரம். சென்னை வெயில்ல மாவு சீக்கிரம் புளிக்கும், பாக்கெட் உப்பும், ரிட்டர்ன் ஏறும். சோதனை நல்லா வந்திருந்தாக்கூட அக்னி நட்சத்திரத்துல என்ன ஆகும்னு அது சொல்லியிருக்காது. மரத்துல அதுக்கு இன்னொரு வட்டம் வரைஞ்சிருக்கணும். நான் வரையல. நீங்க போடும்போது, சோதிக்கிற காலமும் விக்கப் போற காலமும் ஒண்ணுதானான்னு பார்த்துக்கோங்க.

அத்தை இப்பவும் தெருவுக்கு இட்லி மாவு அரைக்கிறாங்க. கிராஜுவிட்டி பேங்க்ல இருக்கு. போன வாரம் போன் பண்ணி, "டேய், அடை மாவுக்கு எத்தனை சிவப்பு போடலாம்?"னு கேட்டாங்க. கோலிகுண்டுப் பையை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.